டோட்டல் லொஸ் ஆன வாகனத்தை நாமே வைத்துக்கொள்வது: ரெக் பெறுமதி எப்படிக் கழிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோட்டல் லொஸ் என்டு சொல்லிப்போட்டாங்க. வாகனம் இனி அவங்கடதானா, இல்லை நான் வைச்சிருக்க ஏலுமா?

பெரும்பாலும் ஏலும். முழுக் காப்புறுதியில் டோட்டல் லொஸ், அதாவது முழு இழப்பு, என்றானால் இழப்பீடு இரண்டு வகையில் முடியும். முதல் வகையில் நிறுவனம் முழுத் தொகையையும் தந்துவிட்டு உடைந்த வாகனத்தை, அதாவது ரெக்கை, எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் வாகனம் உங்களிடமே நிற்கும், அதற்குப் போட்ட விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள்.

இந்தக் கழிப்பைச் சிலர் தண்டம் என்று நினைக்கிறார்கள், சிலர் ரெக் இலவசமாகக் கிடைத்தது என்று நினைக்கிறார்கள். இரண்டும் பிழை. அந்த ரெக்கை நீங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் விலைக்கு வாங்குகிறீர்கள். காசு கைமாறாமல் கொடுக்கல் வாங்கல் ஒரே காசோலைக்குள் முடிவதால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியது இது: இதே ரெக் திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் விற்பனைக்கு நின்றால், இந்த விலையைக் காசாக எண்ணிக் கொடுத்து வாங்குவீர்களா?

வாகனத்தை வைத்துக்கொள்வது உங்களுக்குத் தானாக வரும் உரிமை என்று எண்ணிவிடவும் வேண்டாம். சில ஒப்பந்தங்களில் தெரிவு நிறுவனத்தின் கையில் இருக்கும். பொலிசியில் முழு இழப்பு பற்றிய பந்தியை வாசித்துவிட்டு, வைத்துக்கொள்ள விரும்புவதை மதிப்பீட்டாளர் வந்த கிழமையிலேயே எழுத்தில் கொடுங்கள். ரெக்கை விலைகேள்வியில் ஒருவருக்கு ஒப்புக்கொண்ட பிறகு போய்க் கேட்டால் காரியம் நடக்காது.

திருத்தலாம் என்டு கராஜ்காரர் சொல்றார். பிறகு ஏன் டோட்டல் லொஸ்? 75 சதவீதம் தாண்டினாத்தானே?

அந்த 75 சதவீதம் இந்தியாவின் விதி. அங்கே காப்புறுதி செய்த பெறுமதியில் முக்கால் பங்கைத் திருத்தச் செலவு தாண்டினால் முழு இழப்பாக எடுப்பார்கள். தமிழில் இணையத்தில் கிடைப்பது அநேகமாக இந்திய விளக்கங்களே என்பதால் இந்தக் குழப்பம் நம்மவர்களிடம் அடிக்கடி வருகிறது.

இங்கே இலங்கையில் நிறுவனம் போடுவது எளிய கணக்கு. திருத்தினால் இவ்வளவு செலவு. திருத்தாமல் முழுத் தொகையையும் தந்து ரெக்கை விற்றால் இவ்வளவு செலவு. எது குறைவோ அந்தப் பக்கம் சாயும். பெறுமதி 40 லட்சம், திருத்தச் செலவு 29 லட்சம், ரெக்குக்கு 14 லட்சம் கிடைக்கும் என்று வையுங்கள். முழு இழப்பாக முடித்தால் நிறுவனத்தின் நிகரச் செலவு 26 லட்சம்தான், திருத்தினால் 29. ஆகவே டோட்டல் லொஸ். இதே ரெக்குக்கு 10 லட்சம்தான் கிடைக்கும் என்றால் நிகரச் செலவு 30 லட்சமாகி, திருத்தவே அனுமதித்திருப்பார்கள்.

ஆக, ரெக்கின் விலை கழிப்புக்கு மட்டும் பயன்படும் இலக்கமல்ல. வாகனம் டோட்டல் லொஸ்ஸா இல்லையா என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. உதிரிப்பாகம் நன்றாக விலைபோகும் சிறிய ஜப்பான் கார்கள் பார்வைக்குத் திருத்தக்கூடிய நிலையில் இருக்கும்போதே டோட்டல் லொஸ் ஆவதற்கு இது ஒரு காரணம்.

ரெக்குக்கு 14 லட்சம் கழிக்கிறம் என்டு சொன்னாங்க. அந்த 14 எங்கிருந்து வந்தது?

மூன்று வழிகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். எந்த வழி என்று கேட்டறிவது அவசியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

முதலாவது விலைகேள்வி. நிறுவனம் ரெக் வாங்குகிறவர்களிடம் விலை கேட்டு, அதிகம் தருவதாகச் சொன்னவரின் தொகையைக் கழிக்கும். மூன்றிலும் நம்பத்தக்கது இதுதான், ஏனென்றால் பின்னால் காசோடு ஒரு ஆள் நிற்கிறார். இரண்டாவது மதிப்பீட்டாளரின் கணிப்பு: எஞ்சின், கியர் பெட்டி, பின்பகுதி, கதவுகள் என்று உயிரோடு இருக்கும் பாகங்களைப் பார்த்து அவர் எழுதும் தொகை. மூன்றாவது, பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று ஒரு பொது அளவுகோலை எடுத்துப் போடுவது. மூன்றாவதில்தான் பிழை அதிகம். முன்னால் அடிபட்டு எஞ்சின் உடைந்த காருக்கும், பின்னால் அடிபட்டு எஞ்சின் முழுதாக இருக்கும் காருக்கும் ஒரே சதவீதம் போட்டால் ஒன்று கட்டாயம் பிழையாகும்.

இடமும் கணக்கில் சேரும். ரெக் வாங்குகிறவர்களில் பெரும்பகுதி கொழும்புப் பக்கம். கொழும்பில் நிற்கும் வண்டி என்று எண்ணிப் போட்ட விலைக்கும், திருகோணமலையில் ஒரு கராஜில் நிற்கும் வண்டியின் விலைக்கும் இடையே ஏற்றிச்செல்லும் கூலி இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கழித்த தொகை "நிற்கும் இடத்தில், நிற்கும் நிலையில்" கிடைக்கும் விலையா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏற்றுக்கூலியை அதிலிருந்து குறைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

அந்தத் தொகை கூடிப்போச்சு என்டு நினைக்கிறன். குறைக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். அதைவிட வலுவான வழி ஒன்று இருக்கிறது: "அப்படியென்றால் ரெக்கை நீங்களே எடுங்கள், முழுத் தொகையையும் தாருங்கள்" என்று சொல்வது. 14 லட்சம் பெறும் என்று அவர்கள் நம்பினால் எடுப்பதில் அவர்களுக்கு நட்டம் இல்லை. எடுக்கத் தயங்கினால், அந்த 14 காகிதத்தில் மட்டும் உள்ள 14 என்று தெரிந்துவிடும். பேச்சு அதன் பிறகு வேறு மாதிரிப் போகும்.

இதற்காகவே, தீர்வுக் கடிதத்தில் இரண்டு தொகைகளையும் ஒரே திகதியில் கேட்டு வாங்க வேண்டும்: ரெக்கை ஒப்படைத்தால் எவ்வளவு, வைத்துக்கொண்டால் எவ்வளவு. தொலைபேசியில் சொல்லும் தொகை போதாது. ஒன்றை இன்றைக்கும் மற்றதை மூன்று கிழமை கழித்தும் சொன்னால், இடையில் சந்தைப் பெறுமதியைக் குறைத்துவிட்டு ரெக் விலையைப் பழையபடி வைத்திருக்க இடமுண்டு. வாகனத்தின் சந்தைப் பெறுமதியும் ரெக்கின் பெறுமதியும் ஒரே நாளின் சந்தையைக் கொண்டு பார்க்கப்பட வேண்டும். 2020இல் இறக்குமதி நின்றபோது விலைகள் ஏறியதும், 2025இல் மீண்டும் திறந்தபோது சந்தை அசைந்ததும் தெரிந்ததே. இப்படிப்பட்ட காலத்தில் சில மாத இடைவெளியே கணக்கை மாற்றிவிடும்.

வைத்துக்கொள்ளத்தான் விருப்பம், தொகைதான் இடிக்கிறது என்றால், ரெக் வாங்கும் இரண்டு பேரிடமாவது எழுத்தில் விலை எடுத்து இணையுங்கள். கடிதத்தில் பெயர், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், திகதி, சிஆர் புத்தகத்தோடு, அதாவது பதிவுச் சான்றிதழோடு, சேர்த்தா இல்லாமலா என்பது எல்லாம் இருக்க வேண்டும். "சும்மா பார்த்துச் சொன்னவர்" சொன்ன விலைக்கு எந்த மதிப்பும் இல்லை.

சரி, வைச்சிருந்தா லாபமா நட்டமா? கணக்கைக் காட்டுங்க.

இரவில் கந்தளாய்ப் பக்கம் மாட்டில் மோதி முன்பகுதி போன ஒரு சிறிய காரை எடுப்போம். பம்பர், பொனட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இரண்டு விளக்கு, இடது முன்சக்கரத்தின் சஸ்பென்ஷன் எல்லாம் போய், முன் இரண்டு எயார்பேக்கும் வெடித்திருக்கின்றன. எஞ்சின் தப்பியது. தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் வாகனத்துக்கு உங்கள் இலக்கங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காப்புறுதித் தொகை 40 லட்சம், சந்தைப் பெறுமதியும் 40. நீங்கள் தாங்க வேண்டிய எக்ஸஸ் 25,000 ரூபா. ரெக் 14 லட்சம்.

ஒப்படைத்தால்: 40,00,000 − 25,000 = 39,75,000 ரூபா கையில்.
வைத்துக்கொண்டால்: 39,75,000 − 14,00,000 = 25,75,000 ரூபாவும் ரெக்கும்.

எக்ஸஸ் இரண்டிலும் ஒரே தடவைதான் கழிகிறது என்பதைக் கவனியுங்கள். ரெக்கைக் கழித்த பிறகு இன்னொரு முறை கழித்திருந்தால் அது பிழை. பொலிசிக் கட்டணத்தைத் தவணையில் கட்டுகிறீர்கள் என்றால், ஆண்டின் மிச்சத் தவணையும் கழிந்திருக்கலாம். அதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இனித் திருத்தம். நிறுவனத்துக்குக் கொடுத்த 29 லட்ச மதிப்பீடு புதுப் பாகங்களுக்குரியது. சொந்தக் காசில் திருத்துகிறவர் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் நோஸ்கட் தேடுவார், அதாவது வேறொரு வாகனத்திலிருந்து வெட்டியெடுத்த முன்பகுதி முழுவதும். அதற்கு 6.5 லட்சம். டிங்கரிங், பெயின்ட் 3.5 லட்சம். எயார்பேக் இரண்டு, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, முன் சீட் பெல்ட் 2.5 லட்சம். சஸ்பென்ஷன், வீல் எலைன்மென்ட், ஏசி வாயு 1.25 லட்சம். ஏற்றுக்கூலி 60,000. கூட்டினால் 14.35 லட்சம். கழற்றிய பிறகே தெரியவரும் சேதத்துக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 16.5 லட்சம். இந்த 15 சதவீதத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் பாதியில் காசு முடிந்து நிற்பவர்கள்.

14 லட்சத்துக்கு வாங்கிய ரெக், 16.5 லட்சத்துத் திருத்தம்: கார் உங்களுக்கு 30.5 லட்சத்தில் அடங்கியிருக்கிறது. திருத்திய காரை விற்றால் 40 கிடைக்காது. பெரிய அடிபட்ட வண்டி என்று தெரிந்து வாங்குகிறவர் 33 லட்சம் தருவார் என்று வைத்தால், மிச்சம் 2.5 லட்சம். அதற்காக மூன்று நான்கு மாதம் வாகனம் இல்லாமல், கராஜுக்கும் கொழும்புக்கும் அலைந்திருப்பீர்கள். விற்பதற்காகச் செய்கிறவருக்கு இது எங்கள் கணிப்பில் பெறுமதியில்லை. தானே இன்னும் 6, 7 வருடம் ஓடப்போகிறவருக்கு, வாகனத்தின் பழைய பராமரிப்பு தெரிந்தவருக்கு, ஓரளவு பெறும்.

சுருக்கமாகப் பார்க்க விரும்பினால்: திருத்திய பின் விலை 33, அதிலிருந்து திருத்தச் செலவு 16.5 போனால் 16.5. கழிக்கும் ரெக் தொகை இதைத் தொட்டால் பேசாமல் ஒப்படைத்துவிடுங்கள்.

எயார்பேக் இல்லாம ஓடினா செலவு குறையும்தானே?

குறையும், அதைச் செய்யாதீர்கள். வெடித்த பேக்கின் மூடியை ஒட்டிவிட்டு, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஒரு ரெசிஸ்டர் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கைக் கவனித்தால் பிடிபடும்: சாவியைத் திருகியதும் எயார்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அது நல்ல செய்தியல்ல, விளக்கைக் கழற்றியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் இல்லை என்று ஆகாது. பேக்கின் இலக்கத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில 40 லட்சம் போற வாகனம், நான் காப்புறுதி செய்தது 30க்குத்தான். ரெக் 12 லட்சம். எனக்கு எவ்வளவு வரும்?

இந்தப் பக்கத்திலேயே காசு அதிகம் கைமாறும் கேள்வி இதுதான். விடை, எதை முதலில் கழிக்கிறார்கள் என்ற வரிசையில் தங்கியிருக்கிறது. எக்ஸஸ்ஸை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்ப்போம்.

முதல் வழி: காப்புறுதித் தொகையிலிருந்து நேரே கழிப்பது. 30 − 12 = 18 லட்சம்.

இரண்டாம் வழி: உங்கள் உண்மையான இழப்பை முதலில் பார்ப்பது. 40 லட்சத்து வாகனம் போய் 12 லட்சத்து ரெக் மிஞ்சியது, ஆகவே இழப்பு 28. அது 30ஐத் தாண்டவில்லை, எனவே 28 லட்சம். குறைகாப்புறுதிக்குப் பங்குவீதம் குறைக்கும் நிபந்தனை உங்கள் பொலிசியில் இல்லாவிட்டால் மட்டுமே இதைக் கேட்க இடமுண்டு.

மூன்றாம் வழி: அந்த நிபந்தனை இருக்கும் பொலிசி. பெறுமதியின் முக்கால் பங்கைத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே இழப்பின் முக்கால் பங்கைத்தான் நிறுவனம் தாங்கும். 28 லட்சத்தில் முக்கால், 21 லட்சம்.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 3 லட்சம் வித்தியாசம். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: ரெக்கின் 12 லட்சத்தில் கால் பங்கு. காப்புறுதி செய்யாத கால் பங்கின் நட்டத்தை நீங்களே தாங்குகிறீர்கள் என்றால், ரெக்கிலும் அந்தக் கால் பங்கு உங்களுக்குச் சேர வேண்டும். பங்குவீதக் கொள்கையின் அடிப்படையே இதுதான். நட்டத்தைப் பங்குபோடும்போது முக்கால், ரெக்கை எடுக்கும்போது முழுவதும் என்பது பொருந்தாது. ரெக்கை ஒப்படைக்கும்போதும் இதே வாதம் நிற்கும்: 30 லட்சமும் ரெக் விற்ற காசில் உங்கள் பங்கான 3 லட்சமும். ஆனாலும் பொலிசியின் வாசகம்தான் கடைசியில் பேசும். முழு ரெக்கும் நிறுவனத்துக்கே என்று தெளிவாக எழுதியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

இதிலே பிடிக்க வேண்டிய ஒரு பிழையும் உண்டு. சிலவேளை 30 லட்சத்தை மீண்டும் முக்காலால் பெருக்கி 22.5 ஆக்கி, அதிலிருந்து 12ஐக் கழித்து 10.5 லட்சம் என்று கணக்கு வரும். முழு இழப்பில் 40இன் முக்கால்தான் அந்த 30. அதை இன்னொரு முறை குறைப்பது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. கணக்குத் தாளை வாங்கிப் பார்க்காதவருக்கு இது தெரியவே வராது.

மறுபக்கமும் இருக்கிறது. 40க்குக் காப்புறுதி செய்து, சந்தை 34க்கு இறங்கியிருந்தால் 40 கிடைக்காது. விபத்துக்கு முதல் நாள் சந்தைப் பெறுமதி, காப்புறுதித் தொகை, இரண்டில் குறைந்ததுதான் ஆரம்பப் புள்ளி. அதே வருடம், அதே மொடல், கிட்டத்தட்ட அதே ஓட்டம் உள்ள வாகனங்களின் விளம்பரங்களைத் திகதியோடு எடுத்து வைத்திருப்பது இங்கே உதவும்.

லீசிங் இன்னும் முடியேல்ல. ரெக்கை வைச்சிருக்க ஏலுமா?

பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்று லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை அவர்களது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஏலாது. இழப்பீட்டுக் காசும் முதலில் அவர்களுக்கே போகும்.

மேலே பார்த்த முதல் காரில் லீசிங் மிச்சம் 20 லட்சம் என்றால், வைத்துக்கொள்ளும் வழியில் வரும் 25.75 லட்சத்தில் 20 அங்கே போய், உங்களுக்கு 5.75 லட்சமும் ரெக்கும். திருத்தச் செலவு 16.5 என்பதால் 10.75 லட்சம் வேறெங்காவது புரட்ட வேண்டும். மிச்சம் 28 லட்சம் என்றால் இழப்பீடே லீசிங்கை மூடாது. இன்னும் 2.25 லட்சம் கட்டி முடித்தால்தான் ரெக் உங்கள் கைக்கு வரும். இந்த நிலையில் ஒப்படைப்பதே புத்தி: 39.75இல் 28 போக 11.75 லட்சம் கையில் வரும், கடனும் இல்லை.

லீசிங் நிறுவனத்திடம் வாங்கும் முடிவுத்தொகைக் கடிதம் ஒரு குறிப்பிட்ட திகதிவரைக்கும்தான் செல்லும். இழப்பீடு இழுபட்டால் வட்டி ஏறிப் பழைய தொகை பொருந்தாது. காசு வரும்வரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள்.

வாகனம் பொலிஸில நிக்குது. அதுவரைக்கும் என்ன செய்ய?

ஆள் இறந்த அல்லது பாரதூரமாகக் காயப்பட்ட விபத்தென்றால் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து முடியும்வரை எதையும் கழற்றக் கூடாது. நீதிமன்றம் பிணைமுறியில் விடுவித்தாலும், வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கட்டளையில் பாருங்கள். இருந்தால் ரெக்கை வைத்துக்கொள்வது, விற்க ஏலாத ஒன்றை விலைக்கு வாங்குவதாகும்.

சிஆர் புத்தகம் என் கைக்குத் திரும்பி வருமா?

கையெழுத்துப் போட முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புத்தகத்தோடு ரெக் என்றால் திருத்தி ஓடலாம், விற்கலாம். பதிவை இரத்துச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையில் வந்தால் அது வெறும் உதிரிப்பாகக் குவியல், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். புத்தகத்தோடு கேட்ட விலையைக் கழித்துவிட்டு, புத்தகமில்லாத ரெக்கைத் தரக் கூடாது.

திருத்தும்போது செஸி இலக்கம் அடித்த தகட்டுக்குக் கிட்ட வெட்டு ஒட்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோஸ்கட் போடுகிறபோது டிங்கரிங்காரரிடம் வெட்டும் கோட்டை முன்கூட்டியே சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டச் சொல்லி, வெட்ட முன்னும் ஒட்டிய பின்னும் படம் எடுங்கள். எஞ்சினை மாற்றினால் அதன் கொள்வனவு ஆவணங்களோடு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விற்கும் நாளில் இலக்கம் பொருந்தாமல் மாட்டுப்படுவீர்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும், ஓடாத வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்ய ஏலாது. திருத்தம் மாதக்கணக்கில் இழுபடும் என்றால் வாகனம் பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

முடிவு வரும்வரை வண்டி கராஜில சும்மா நிக்குது. அதால ஏதும் பிரச்சினையா?

மூன்று பிரச்சினை. நிறுத்திவைப்புக் கூலி, காணாமற்போகும் பாகங்கள், துரு.

டோட்டல் லொஸ் என்றால் கராஜுக்குத் திருத்த வேலை இல்லை, ஆகவே கழற்றிய கூலியும் நிறுத்திவைத்த கூலியும் கேட்பார்கள். அதை யார் கொடுப்பது என்பதைத் தீர்வுக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். பேசாமல் விட்டால் ரெக்கை வைத்துக்கொள்கிறவர் தலையில்தான் விழும்.

ரெக்குக்கு விலை போட்ட அன்று இருந்த பாகங்கள் ஒப்படைக்கும் அன்றும் இருக்க வேண்டும். எஞ்சின் அறை, பற்றரி, செட், ஸ்பெயார் சக்கரம், நான்கு டயர், கட்டலிட்டிக் பகுதி, மீற்றர் ஓட்டம் எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுத்து மதிப்பீட்டாளருக்கும் அனுப்பிவிடுங்கள். கட்டலிட்டிக் பகுதியைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், வண்டிக்குக் கீழே இருப்பதால் வெட்டியெடுத்தது ஒருவர் கண்ணிலும் படாது.

துரு நம் ஊருக்கே உரிய தொல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் பெயின்ட் உரிந்த இரும்பு சில நாளிலேயே சிவந்துவிடும். வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்தால் வயர் முனைகளும் பச்சை பிடிக்கும். வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள், கண்ணாடி உடைந்த பக்கத்தை மூடுங்கள், நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, வெறும் இரும்பு தெரியும் இடங்களில் பிரைமர் ஒரு பூச்சு அடியுங்கள். கழுவாமல் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தினால் உப்பும் ஈரமும் உள்ளேயே நின்று கெடுதல் கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனமென்றால், டாஷ்போர்ட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். வயரிங் மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும். ஹைபிரிட் என்றால் பற்றரிப் பெட்டியைத் தெரியாத ஆள் தொடவே கூடாது.

திருத்தின பிறகு திரும்ப முழுக் காப்புறுதி தருவாங்களா?

பழைய பொலிசி இழப்பீட்டோடு முடிந்துவிடும், மிச்ச மாதங்களுக்குக் காசு திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிய முழுக் காப்புறுதிக்கு வாகனத்தைப் பார்வையிடுவார்கள், பற்றுச்சீட்டுகளைக் கேட்பார்கள், பெறுமதியைக் குறைத்துப் போடுவார்கள், சிலவேளை மூன்றாம் தரப்பு மட்டும் தருவோம் என்பார்கள். ஆகவே திருத்தத்தைத் தொடங்க முன் கேளுங்கள். விண்ணப்பத்தில் முன்பு டோட்டல் லொஸ் ஆனது என்பதை மறைத்தால் அடுத்த இழப்பீட்டை மறுக்க அதுவே போதும். விற்கும்போதும் அப்படித்தான்: பழைய படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் காட்டி விற்றால் பின்னால் தொல்லை வராது.

வௌச்சரில கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டுட்டுப் பிறகு கேக்கலாமா?

முழுமையான இறுதித் தீர்வு என்று அதில் எழுதியிருக்கும். போட்ட பிறகு கேட்பது மிகவும் கடினம். முதலில் கணக்குத் தாளை வாங்குங்கள். அதில் ஆரம்பத் தொகை, எக்ஸஸ், மிச்சத் தவணை, ரெக் தொகை, கராஜ் கூலி, லீசிங்குக்குப் போவது, உங்களுக்கு வருவது எல்லாம் வரி வரியாக இருக்க வேண்டும். ரெக் எந்த இடத்தில், எந்த நிலையில், எந்த ஆவணங்களோடு உங்களுக்கு வருகிறது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பொருந்தாவிட்டால் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி எழுத்தில் பதில் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். முறைப்பாட்டில் "குறைவாகத் தந்தார்கள்" என்று எழுதாமல், எந்த வரியில் எவ்வளவு, ஏன் பிழை என்று எழுதுங்கள். 12 லட்ச ரெக்கில் கால் பங்கு 3 லட்சம் விடுபட்டது என்ற ஒரு வரி நாலு பக்க மனுவைவிட வேலை செய்யும். பொலிசிப் பிரதி, மதிப்பீட்டு அறிக்கை, இரண்டு தொகைகளும் உள்ள கடிதம், ரெக் வாங்குகிறவர்களின் விலைக் கடிதங்கள், முதல் நாள் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள், மூலப் பிரதிகளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.